பத்துக்குக் கீழே இறங்காதவள்

என் அக்காவை ஊரில் பாதிப் பேர் ‘பத்து பர்சன்ட்’ என்றுதான் சொல்வார்கள். விவரம் தெரியாதவர்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “உங்கக்கா எந்த ஆபீஸ்ல கமிஷன் வாங்குறா?” என்று கேட்டிருக்கிறார்கள். கமிஷனாவது மண்ணாங்கட்டியாவது. அவள் டாக்ஸி ஓட்டுகிறாள். கரண்டில் ஓடும் கார். பேட்டரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு எங்கேயும் போய்ச் சேர மாட்டேன் என்பது அவளுடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தைக் கேலி செய்ய வைத்த பேர் அது. வைத்தவர் மீசைக்காரர். அக்கா அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. போனை எடுத்தால் “ஆமா, பத்து பர்சன்ட்தான் பேசுறேன், சொல்லுங்க” என்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மீசைக்காரர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் சென்டருக்கு வேன் விடுகிறவர். மலைக்கு மேலே இருக்கும் சின்ன ஊரிலிருந்து நோயாளிகளை அழைத்துக்கொண்டு கீழே வந்து, ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. அக்கா அவரிடம்தான் வருடக்கணக்கில் அந்த வேனை ஓட்டினாள். நல்ல டிரைவர் என்று அவரே பத்துப் பேரிடம் சொன்னவர்தான். ஒரே தகராறு ஹீட்டர். வேனில் ஹீட்டர் கெட்டுப்போய் நாளாகிவிட்டது. டயாலிசிஸ் முடித்து வருகிறவர்களுக்கு உள்ளுக்குள்ளிருந்து குளிர் எடுக்கும். மதியம் வெயில் அடித்தாலும் பல் கிட்டும். மலை ஏறினால் கேட்கவே வேண்டாம். அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்வாள், அவரும் ஒவ்வொரு தடவையும் “பார்க்கலாம்மா” என்பார். ஒருநாள் இவள் சாவியைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தாள்.

“நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. எனக்கு வேற வேலை இருக்கு.”

வேறு வேலை என்று ஒன்று அப்போது இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் காரை வாங்கினோம். எப்படி வாங்கினோம் என்பது தனிக்கதை, அதை விடுங்கள். அவள் ஓட்டுவாள். நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பேன், பாதை போடுவேன். பாதை போடுவது என்றால் போனில் இருக்கும் ஆப்பில் போடுவது. அதில்தான் எங்கள் பிழைப்பே நிற்கிறது.

அது சாதாரணமாக வழி காட்டும் ஆப் இல்லை. என்ன கார், அதன் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று முதலில் வாங்கிக்கொள்ளும். அப்புறம் பாதையைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு, இந்தத் துண்டில் எந்த வேகத்தில் போவோம், ஏற்றமா இறக்கமா, வெளியே எவ்வளவு குளிர், எதிர்க்காற்றா, மழையா, வண்டியில் எவ்வளவு எடை என்று பார்த்து, ஒவ்வொரு துண்டும் பேட்டரியில் எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடும். எல்லாவற்றையும் கழித்து, ‘போய்ச் சேரும்போது மிச்சம் இத்தனை’ என்று ஒரு எண்ணைக் காட்டும். குறைந்தது இவ்வளவாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று நாம் ஒரு எண்ணைக் கொடுத்து வைக்கலாம். மிச்சம் அதற்குக் கீழே போகும் என்று தெரிந்தால், வழியில் எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிடம் சார்ஜ் போட வேண்டும் என்று தானே ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிடும். அந்த இடத்தில் அக்கா போட்டு வைத்த எண்தான் பத்து.

ஐந்து என்று வைத்தால் நிறுத்தமே இல்லாமல் போய்விடலாமே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு என்னை ஒரு முறை முறைத்தாள்.

“அது சொல்றது கணிப்புடி. சத்தியம் பண்ணியா குடுத்திருக்கு? வழியில ரோட்டை அடைச்சிருப்பான், சார்ஜர் வேலை செய்யாது, சுத்திப் போகணும்பான். அந்தப் பத்து நமக்கில்ல. வழியில என்ன வருமோ அதுக்கு.”

சென்டரின் நிர்வாகி மேடம் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியது இந்த வருட மழைக்காலத்தில். கறாரான மனுஷி. கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடியே பேசுவார். வேனைப் பற்றி நோயாளிகள் புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம். வேறு வண்டி வைத்துப் பார்க்கலாம் என்று மேலே உத்தரவாம். ஒரே ஒரு பயணம், அவரே கூட வருவார். சரியாக இருந்தால் மலையூர் ஓட்டம் முழுக்க எங்களுக்கு.

“மூணு மணி நேரம்தான் கணக்கு. வேன் அதுக்குள்ள போயிடும். டயாலிசிஸ் முடிஞ்ச பேஷண்டை அதுக்கு மேல ரோட்டுல வெச்சிருக்கக் கூடாது. இதுல ஒரு நிமிஷம் கூட நான் விட்டுக் குடுக்க மாட்டேன். வழியில நின்னீங்கன்னா அதோட முடிஞ்சது.”

அக்கா தலையாட்டினாள். வாசலில் மீசைக்காரர் வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் காரைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

“மலை ஏறுமா இது? பாதியில படுத்துக்கிச்சுன்னா சொல்லு, பின்னாடிதான் வரேன். ஏத்திக்கிறேன்.”

“நீங்க முன்னாடியே போங்கண்ணே. உங்க வேன் புகையை யாரு திங்கறது?”

இந்த ஓட்டம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். காரைக் கொடுத்துவிட வேண்டும். அக்கா மறுபடி அந்த மேஜைக்குப் போய், அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு, ஹீட்டர் இல்லாத அந்த வேனில் ஏற வேண்டும். மீசைக்காரர் தரமாட்டேன் என்று சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் மோசம். சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

பயண நாளில் எங்கள் காரில் வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். வாழ்நாள் முழுக்க அந்த மலையில் நடந்தே கடிதம் கொடுத்தவர். இப்போது நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் கீழே இறங்கும்போதே, “இது ஓடுதா நிக்குதான்னே தெரியலையேம்மா, சத்தத்தையே காணோம்” என்று கேட்டவர். சென்டரில் அவரை விட்டுவிட்டு அக்கா பின்பக்கத்துச் சார்ஜருக்குப் போனால், அங்கே ஒரு ஆம்புலன்ஸ் குறுக்கே நிற்கிறது. அதன் டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து நகர்த்தச் சொல்வதற்குள் பாதிப் பொழுது போயிற்று. தபால்காரருக்கு டயாலிசிஸ் முடிந்தபோது பேட்டரியில் எண்பத்து நாலுதான் ஏறியிருந்தது.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து பாதையைப் போட்டேன். ஆட்கள் நாலு பேர், அவர்களின் எடை, இன்றைய வானிலை. சேரும்போது மிச்சம் பதினேழு. நிறுத்தம் தேவையில்லை. பயண நேரம் மூன்று மணி நேரத்துக்குக் கால் மணி குறைவு. எனக்கு மூச்சு வந்தது.

“பதினேழு காட்டுதுக்கா.”

“சரி. பார்த்துக்கிட்டே இரு.”

மேடம் முன்சீட்டில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். தபால்காரர் என் பக்கத்தில், கோட்டு, மஃப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் போட்டு, கண் மட்டும் தெரிய இருந்தார். அக்கா ஹீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போயிற்று. அதில் ஒரு தையல்காரம்மா, அவரும் மலையூர்தான்.

ஊரைத் தாண்டினோமோ இல்லையோ, மழை பிடித்துக்கொண்டது. வானிலையில் தூறல் என்றுதான் போட்டிருந்தது. இது தூறலா? வாளியில் மொண்டு ஊற்றுகிற மாதிரி ஊற்றியது. அதோடு எதிர்க்காற்று வேறு. சமவெளி ரோட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்கே கார் கூடுதலாகத் தின்றது. எங்கள் ஆப் காரோடு இணைந்திருக்கும். தான் போட்ட கணக்கும் கார் உண்மையில் செலவழிப்பதும் ஒத்துவருகிறதா என்று போகப் போகப் பார்த்து, மிச்சத்தைத் திருத்திக்கொண்டே வரும். பதினேழு பதினைந்தாயிற்று. பதினைந்து பன்னிரண்டாயிற்று. நான் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தேன். அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். எண் அப்படியே ஒரு ஐந்து நிமிடம் நின்றது. அதற்குள் ஆப் மலைமேல் வானிலையை மறுபடி வாங்கிப் பார்த்தது. மேலே நினைத்ததைவிடக் குளிராம். பன்னிரண்டு ஒன்பதாயிற்று. ஒன்பது ஆறாயிற்று. ஆப் தன் பாட்டுக்கு ஒரு நிறுத்தத்தைச் செருகிவிட்டது. மலையடிவாரத்துச் சார்ஜர், ஏழு நிமிடம். மழையில் மெதுவாக வந்ததில், கையிலிருந்த கால் மணியில் ஐந்து நிமிடம்கூட மிச்சமில்லை.

“அக்கா, அடிவாரத்துல நிக்கச் சொல்லுது.”

மேடம் தலையைத் திருப்பினார். “நிக்கணுமா? எதுக்கு?”

“மிச்சம் ஆறுதான் இருக்கும்னு காட்டுது மேடம்.”

அதற்குள் அடிவாரமே வந்துவிட்டது. காரின் திரையில் நாற்பத்தாறு சதவீதம் இருந்தது. அதற்குக் கீழே, இன்னும் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் போகலாம் என்று வேறு எழுதியிருந்தது. மேடம் அதை விரலால் தட்டிக் காட்டினார்.

“நூத்திப் பதினஞ்சு கிலோமீட்டர் போகும்னு உங்க காரே சொல்லுது. மலையூருக்கு இன்னும் நாப்பதுதான். இதுல நின்னு சார்ஜ் போடணுமா? என்ன டிரைவரம்மா, விளையாடறீங்களா?”

“அது இதுவரைக்கும் வந்த ரோட்டை வெச்சுச் சொல்லுது மேடம். சமவெளி. முன்னாடி மலை இருக்குறது அதுக்குத் தெரியாது. என் தங்கச்சி கையில இருக்குறதுக்குத் தெரியும்.”

“சரி, ஆறே இருக்கட்டும். ஆறுன்னா போய்ச் சேர்ந்துடலாம்தானே?”

“சேர்ந்துடலாம். ஒண்ணும் நடக்கலைன்னா.”

அடிவாரத்துக் கடைகளின் ஓரத்தில் அக்கா வண்டியை நிறுத்தினாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். முட்டாள் மனுஷி இல்லை, யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“இந்த ஹீட்டரும் பேட்டரியிலதானே ஓடுது? அதை நிறுத்தினா எவ்வளவு காட்டும்?”

நான் ஹீட்டர் இல்லாமல் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. பதினொன்று. அக்காவின் பத்துக்கு மேலே! நிறுத்தம் காணாமல் போயிற்று. நேரமும் மூன்று மணி நேரத்துக்குள். எல்லாமே சரியாக இருந்தது. ஹீட்டரின் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

“பதினொண்ணுக்கா!” என்று கத்தியே விட்டேன்.

“பாருங்க,” என்றார் மேடம். “ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலதான். அவர் கம்பளி எல்லாம் போட்டிருக்கார். நிறுத்திட்டுப் போயிடலாம்.”

அக்கா கண்ணாடியில் தபால்காரரைப் பார்த்தாள். அவர் குல்லாவுக்குள்ளிருந்து, “நான் வேன்ல போறவன்தானேம்மா, பழக்கம்தான், நிறுத்திக்கோ” என்றார். சொல்லும்போதே உதடு நடுங்கியது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படி.

“மேடம், நான் அந்த வேனை ஏன் விட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. அவளுக்கு உண்மையாகக் கோபம் வந்தால் குரல் இறங்கும். “ஹீட்டருக்காக விட்டேன். இன்னிக்கு உங்க ஓட்டம் கிடைக்கணும்னு அதே ஹீட்டரை நானே நிறுத்தினா, அந்த வேனையே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே? எனக்கு எதுக்கு இந்த கார்?”

“அப்ப மூணு மணி நேரத்தைத் தாண்டிடுவீங்க.”

“தாண்டுவேன்.”

“தாண்டினா கணக்குல தோத்துட்டீங்கன்னுதான் அர்த்தம். நான் சொல்லிட்டேன்.”

“தோத்துட்டேன்னே போட்டுக்குங்க. சதவீதம் காட்டணும்னு ஒரு மனுஷனை நான் நடுங்க விட மாட்டேன்.”

அவ்வளவுதான். இண்டிகேட்டரைப் போட்டுச் சார்ஜர் இருக்கும் வளாகத்துக்குள் திருப்பிவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பொத்தான் ஒன்றை அமுக்கினால் பிழைப்பு கைக்கு வந்துவிடும், இவள் அமுக்க மாட்டேன் என்கிறாள். பாவி, உனக்கு ஏன் இந்த வீம்பு என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் தபால்காரர் கையை நீட்டி ஹீட்டர் காற்றில் காட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மழையில் நனைந்தபடி அக்கா சார்ஜர் கேபிளை எடுத்துக் காரில் செருகினாள். ஏழு நிமிடம் என்று ஆப் சொன்னது. ஐம்பத்தொன்று ஏறியதும் கிளம்பு, மிச்சம் பதினொன்று இருக்கும் என்றது. ஏழு நிமிடம் ஆனதும், “போலாம்” என்றேன். அக்கா மேலே மலையைப் பார்த்தாள். மலை எங்கே தெரிந்தது? வெள்ளையாக மேகம்தான் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.”

“அதுதான் போதும்னு சொல்லுதே!”

“எவ்வளவு குறைச்சலா நின்னா போதும்னுதான் அது எப்பவும் பார்க்கும், சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு. அதோட வேலை அது. என் வேலை இது.”

மேடம் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். தோற்றுவிட்ட வண்டிக்கு எதற்குக் கடிகாரம்? தபால்காரர் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நாலாக உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். மேடமும் வாங்கிக்கொண்டார். ஐம்பத்தாறு ஏறியதும் அக்கா கேபிளைக் கழற்றினாள். மிச்சம் பதினாறு என்று காட்டியது. கிளம்பினோம்.

மலை ஏற ஏற, காரின் திரையில் இருந்த கிலோமீட்டர் எண் பொலபொலவென்று கொட்டியது. நாங்கள் ஒன்று ஏறினால் அது மூன்று இறங்கியது. மேடம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கையிலிருந்த பதினாறு மட்டும் அசையவில்லை. ஏற்றம் எவ்வளவு தின்னும் என்பதை அது முன்கூட்டியே கழித்திருந்தது.

பாதி மலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்திருந்தது. மண்ணும் சரிந்திருந்தது. வெட்டுகிறவர்கள் மேலேயிருந்து வர வேண்டுமாம். எங்களுக்கு நாலு வண்டிக்கு முன்னால் மீசைக்காரரின் வேன் நின்றது. அடிவாரத்தில் நிற்காமல் பறந்து போன வேன் அதுவரைதான் போயிருந்தது. எங்களை ஹாரன் அடித்துத் தாண்டிய வேகத்துக்கு இதுதானா என்று நான் நன்றாக ஒரு முறை சிரித்துக்கொண்டேன். யாருக்கும் கேட்காமல்தான்.

நிற்க நிற்க குளிர் ஏறியது. கார் நகரவில்லை, ஹீட்டர் மட்டும் ஓடியது. மரம் விழும் என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? பேட்டரி குறையக் குறைய அதுவும் எண்ணைக் குறைத்தது. பதினைந்து. பதினாலு. அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மாவைத் தோளில் சாய்த்து அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் முகம் வெளுத்து, தாடை தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மீசைக்காரர் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தார். மீசை நனைந்து தொங்கியது.

“என் பேஷண்டை நீ எப்படி ஏத்துவே?” என்றார்.

“பாதியில படுத்துக்கிச்சுன்னா ஏத்திக்கிறேன்னு சொன்னீங்களேண்ணே. உங்க ஹீட்டர் படுத்துப் பல நாளாச்சு. நான் ஏத்திக்கிறேன்.”

மேடம் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார். தையல்காரம்மாவை எனக்கும் தபால்காரருக்கும் நடுவில் உட்கார வைத்தோம். நான் அவர் கையைப் பிடித்தேன். ஐஸ்கட்டி. ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு எண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டு.

மேடம் மீசைக்காரரைக் கூப்பிட்டார். “இந்த வேன்ல ஹீட்டர் எவ்வளவு நாளா ஓடலை?”

“அது... ஒரு சின்ன ரிப்பேர் மேடம். இந்த மாசம்...”

“எந்த மாசம்?”

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

மரத்தை அறுத்துத் தள்ளி வழிவிட ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆயிற்று. வழி திறந்தபோது என் கையில் மிச்சம் பத்து என்று காட்டியது. மேலே பத்துப் பதினைந்து வளைவுகள் பாக்கி. வண்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. மெதுவாகப் போனதில் ஒரு எண் திரும்பி வந்தது. மலையூர் தெருவுக்குள் திரும்பும்போது பதினொன்று. நான் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிவாரத்தில் நிற்காமல் ஹீட்டரையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒன்று இருந்திருக்கும். ஒன்று! கடைசி வளைவில் நின்றாலும் நின்றிருக்கும். ஹீட்டரை நிறுத்திவிட்டு வந்திருந்தால் எண் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த இரண்டு பேரும் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை எந்த ஆப்பும் காட்டாது.

தையல்காரம்மாவை அவர் மகன் வந்து அழைத்துப் போனான். அடுத்தது தபால்காரர் வீடு. அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார், கையில் பெரிய கம்பளியோடு. அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பாராம், வேன் கதவு திறந்ததும் போர்த்தி உள்ளே இழுத்துக்கொண்டு போவதற்கு. இன்றைக்கு நேரம் வேறு ஆகிவிட்டது. ஓடி வந்து கார் கதவைத் திறந்து, கணவர் கையைப் பிடித்தவர், அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். அவர் கன்னத்தில் புறங்கையை வைத்தார்.

“என்னங்க, கை சூடா இருக்கு?”

“பின்ன, செத்தா போயிட்டேன்?”

“வாயைக் கழுவுங்க! இத்தனை வருஷத்துல உங்க கை இப்படி வந்ததே இல்லையே, அதைச் சொன்னேன்.” அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பளியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, மழையில் நனைந்து நின்ற அக்காவின் தோளில் அதைப் போட்டார்.

மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கார் பக்கத்தில் நின்றார். தபால்காரர் உள்ளே போன பிறகு தொண்டையைச் செருமினார்.

“டிரைவரம்மா, மரத்தை நான் கணக்குல சேர்க்கலை. அது உங்க தப்பில்ல. ஆனா அந்த மரம் விழாம இருந்தாலும் நீங்க மூணு மணி நேரத்தைத் தாண்டியிருப்பீங்க. நான் நிபந்தனையை வாயால சொல்லிட்டேன். இப்ப அதை என்ன பண்றது?”

நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். கெஞ்சு, ஒரு தடவை கெஞ்சு, அடுத்த தடவை முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நிற்காமல் வந்துவிடுவோம் என்று சொல், உண்மையும் அதுதானே என்று இடித்தேன். அவளா கெஞ்சுவாள்?

“மேடம், நாளைக்கு முழுசா சார்ஜ் இருந்தா நிக்காமலே வருவேன். இல்லைன்னா நிப்பேன். எவ்வளவு நேரம்னு என் தங்கச்சி கிளம்பும்போதே சொல்லிடுவா. வழியில மாறினா மாறிடுச்சுன்னும் சொல்லுவா. அந்த மூணு மணி நேரம் நீங்க போட்டது, நீங்க மாத்தலாம். ஹீட்டர் நான் போட்டது. அதை நான் மாத்த மாட்டேன்.”

மேடம் அவளையே பார்த்தார். அப்புறம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

“நாளன்னிக்குத் தபால்காரருக்கு மறுபடி டயாலிசிஸ் இருக்கு. தையல்காரம்மாவுக்கும். ரெண்டு பேரையும் நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. ஆம்புலன்ஸை அந்தச் சார்ஜர்கிட்ட விட வேண்டாம்னு நான் சொல்லிடறேன்.”

அக்கா “சரி” என்று மட்டும் சொன்னாள். நன்றி சொல்வாள் என்று நான் காத்திருந்ததுதான் மிச்சம். கம்பளியைத் தபால்காரர் மனைவியிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவர் வாங்கவில்லை.

“இனிமே எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்கோ.”

அந்தக் கம்பளி இப்போதும் எங்கள் காரின் டிக்கியில்தான் இருக்கிறது. குளிருகிறது என்று இதுவரை அதை யாரும் கேட்டதில்லை.